பகல் ஜாதகமா, இரவு ஜாதகமா? மேற்கத்திய மரபு ஜோதிடத்தில் முதலில் பார்க்க வேண்டியது

மேற்கத்திய மரபு ஜோதிடத்தைப் படிக்கத் தொடங்கும் எல்லோரும் முட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. ஒரே சனி ஒருவருக்குக் கட்டுப்பாடும் நிதானமும் தருவார் என்று ஒரு பக்கத்தில் இருக்கும். இன்னொருவருக்குத் தடையும் தாமதமும் தருவார் என்று அடுத்த பக்கத்தில் இருக்கும். ராசியும் பாவமும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தும் பலன் ஏன் மாறுகிறது என்று கேட்டால், பாதி விடை ஒரே கேள்வியில் இருக்கிறது: பிறந்தபோது சூரியன் அடிவானத்துக்கு மேலே இருந்தாரா, கீழே இருந்தாரா?

இந்தப் பிரிவுக்குச் செக்ட் என்று பெயர். தமிழில் 'அணி' என்று வைத்துக்கொள்வோம். பகல் அணி, இரவு அணி என்று கிரகங்கள் இரண்டாகப் பிரிந்து நிற்கின்றன. பிறப்பு எந்த அணியின் நேரத்தில் நடந்ததோ அந்த அணியின் கிரகங்களுக்கு அந்த ஜாதகத்தில் கை ஓங்கும். இதைப் பார்க்காமல் பலன் சொல்லப் போனால் எது உதவும் கிரகம், எது இடறும் கிரகம் என்பதே தலைகீழாகிவிடும்.

நம் ஊர் ஜோதிடம் தெரிந்து இங்கே வருபவர்களை மனதில் வைத்தே எழுதுகிறேன். நாம் ஏற்கெனவே படித்து வைத்திருப்பதுதான் சில இடங்களில் காலை வாரிவிடுகிறது.

1. என்ன ஆவணம் வேண்டும், எவ்வளவு செலவாகும்

தேவையானவை பிறந்த தேதி, நேரம், ஊர். ஜாதகம் கணிக்கக் காசு செலவழிக்க வேண்டாம். astro.com தளத்தில் இலவசமாகவே கணிக்கலாம். கணினியில் வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் Morinus என்ற மென்பொருள் இருக்கிறது, அதுவும் இலவசம். இந்தக் கட்டத்தில் யாருக்கும் கட்டணம் கட்டி ஆலோசனை கேட்கத் தேவையில்லை.

சிக்கல் நேரத்தில்தான். நம் பிறப்புச் சான்றிதழில் பெரும்பாலும் நேரம் இருக்காது. மருத்துவமனை கொடுத்த டிஸ்சார்ஜ் அட்டை, தாத்தா எழுதி வைத்த நோட்டு, பழைய ஜாதகக் குறிப்பு ஆகியவற்றைத் தேடுங்கள். ஸ்காட்லாந்தில் பிறந்தவர்களுக்குப் பிறப்புப் பதிவிலேயே நேரம் இருக்கும். இங்கிலாந்து, வேல்ஸ் சான்றிதழில் இரட்டைப் பிள்ளைகளுக்கு மட்டும்தான் எழுதுவார்கள். வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்குச் சான்றிதழ் வாங்கும்போது, சுருக்கப் படிவத்தை வாங்கிக்கொண்டு திரும்பாமல், முழுப் பதிவின் நகல் கிடைக்குமா என்று ஒரு வார்த்தை கேட்டு வாருங்கள்.

நல்ல செய்தி என்னவென்றால், பகலா இரவா என்று முடிவு செய்ய மட்டும் துல்லியமான நேரம் பெரும்பாலானவர்களுக்குத் தேவையே இல்லை. தமிழ்நாட்டில் காலை 7 மணிக்கும் மாலை 5 மணிக்கும் இடையே பிறந்தவர் எந்த மாதமானாலும் பகல் ஜாதகக்காரர். இரவு 7 மணிக்கும் விடியற்காலை 5 மணிக்கும் இடையே பிறந்தவர் இரவு ஜாதகக்காரர். இடைப்பட்ட நேரத்தில் பிறந்தவர்கள்தான் நிமிடக் கணக்கு பார்க்க வேண்டும். இந்தக் கணக்கை லண்டனுக்குக் கொண்டுபோகாதீர்கள். அங்கே ஜூன் மாதத்தில் இரவு 9 மணிக்கும் சூரியன் இருப்பார், டிசம்பரில் மாலை 4 மணிக்கே மறைந்துவிடுவார்.

கடிகாரத்தை மாற்றிய ஊர்களையும் கவனியுங்கள். இலங்கையில் 1996 முதல் 2006 வரை நேரம் வேறாக இருந்தது. சிங்கப்பூரில் 1981 முடியும் வரை இப்போதைய நேரத்துக்கு அரை மணி பின்னால் இருந்தார்கள். ஐரோப்பாவில் கோடைக்கால நேரம் என்று ஒரு மணி கூட்டுவார்கள். ஜாதகம் கணித்ததும் அதில் கிரீன்விச் நேரத்தைக் காட்டும் `Univ.Time` என்ற வரியைப் பாருங்கள். அது சரியாக இருந்தால் நேர வலயமும் சரி என்று எடுத்துக்கொள்ளலாம்.

2. சூரியன் மேலேயா கீழேயா என்று பார்ப்பது

மேற்கத்திய வட்ட ஜாதகத்தில் இது கண்ணுக்கே தெரியும். இடப்பக்கம் லக்னம், வலப்பக்கம் அதற்கு நேர் எதிரே அஸ்தமன முனை. இரண்டையும் இணைக்கும் படுக்கைக் கோடுதான் அடிவானம். சூரியன் கோட்டுக்கு மேலே இருந்தால் பகல், கீழே இருந்தால் இரவு.

நம் தென்னிந்தியக் கட்டத்தில் அந்தக் கோடு கிடையாது. அதனால் எண்ணிப் பார்க்க வேண்டும். லக்னத்தை ஒன்று என்று வைத்து எண்ணினால், சூரியன் 2 முதல் 6 வரையுள்ள ராசிகளில் இருந்தால் இரவு, 8 முதல் 12 வரை இருந்தால் பகல். ஒன்றிலோ ஏழிலோ இருந்தால்தான் பாகை பார்க்க வேண்டும்.

லக்ன ராசியிலேயே சூரியன் இருந்து, அவருடைய பாகை லக்னப் பாகையைவிடக் குறைவாக இருந்தால் அவர் ஏற்கெனவே உதித்துவிட்டார் என்று பொருள். எனவே பகல். அதிகமாக இருந்தால் இன்னும் உதிக்கவில்லை, இரவு. ஏழாம் ராசியில் இது அப்படியே மாறும். சூரியனின் பாகை லக்னப் பாகையைவிட அதிகமாக இருந்தால் இன்னும் மறையவில்லை, பகல். குறைவாக இருந்தால் மறைந்துவிட்டார், இரவு.

புதிதாக வருபவர்கள் அதிகம் விழுவது இந்த ஒன்றாம் ராசிப் பள்ளத்தில்தான். 'முதல் பாவம் அடிவானத்துக்குக் கீழே' என்று ஒரு விதியை மனப்பாடம் செய்திருப்பார்கள். பாகை வாரியாக வெட்டிய பாவத்துக்கு அது சரி. ஒரு முழு ராசியையே ஒரு பாவமாக எடுக்கும் முறையில் அது பொருந்தாது. லக்னம் சிம்மம் 20 பாகை, சூரியன் சிம்மம் 10 பாகை என்றால் சூரியன் முதல் பாவத்தில் இருந்தாலும் அது பகல் ஜாதகம்தான்.

எண்ணிப் பார்ப்பதைவிடக் கழிப்பது எளிது என்பவர்களுக்கு:

```
d = (சூரியன் − லக்னம்) mod 360
d < 180 என்றால் இரவு
d > 180 என்றால் பகல்
```

சாயனமா நிராயணமா என்ற கவலை இங்கே வேண்டாம். அயனாம்சத்தைக் கழித்தாலும் லக்னமும் சூரியனும் சேர்ந்தே நகர்வதால் பகல் பகலாகவே இருக்கும்.

3. விளிம்பில் பிறந்தவர்கள்

நாட்காட்டியில் சூரிய உதயம் 6.05 என்று போட்டிருக்கும். 6.07-க்குப் பிறந்த குழந்தைக்கு மென்பொருள் இரவு ஜாதகம் என்று காட்டும். மென்பொருள் தவறு என்று நினைத்துவிடாதீர்கள். வானிலைத் துறை நாட்காட்டிகள் சூரியனின் மேல் விளிம்பு கண்ணுக்குத் தெரியும் கணத்தை உதயம் என்கின்றன. காற்று மண்டலம் ஒளியை வளைப்பதால், அப்போது சூரியனின் நடுப்புள்ளி உண்மையில் அடிவானத்துக்குச் சுமார் 50 கலை கீழே இருக்கும். ஜாதகமோ நடுப்புள்ளியைத்தான் கணக்கில் எடுக்கிறது. சென்னையில் இந்த வித்தியாசம் மூன்றரை நிமிடம் போல. லண்டனில் சூரியன் சாய்வாக ஏறுவதால் ஐந்து நிமிடத்தைத் தாண்டும்.

சூரியன் ஓரிரு பாகை கீழே இருந்தாலும் வெளிச்சம் வந்துவிட்டதே, அதைப் பகலாக எடுக்கலாமே என்று சொல்பவர்களும் உண்டு. என் கருத்து: கோட்டை ஒட்டி ஒரு பாகைக்குள் சூரியன் இருந்தால் எந்தப் பக்கமும் அடித்துச் சொல்லாதீர்கள். இரண்டு விதமாகவும் எழுதி வைத்துவிட்டு, கடைசிப் படியில் வரும் காலக் கணக்கை வைத்துச் சோதியுங்கள்.

4. யார் எந்த அணி

பகல் அணியில் சூரியன், குரு, சனி. இரவு அணியில் சந்திரன், சுக்கிரன், செவ்வாய். புதன் இரண்டு பக்கமும் போவார். சூரியனுக்கு முன்னால் உதித்தால் பகல் அணி, சூரியன் மறைந்த பிறகு மறைந்தால் இரவு அணி.

ஒவ்வொரு அணியிலும் ஒரு ஒளி, ஒரு சுபர், ஒரு பாவர் இருப்பதைக் கவனியுங்கள். குளிர்ந்த சனியைப் பகலிலும், காய்ந்து கொதிக்கும் செவ்வாயை இரவிலும் ஏன் வைத்தார்கள் என்பதற்குப் பண்டைய கிரேக்க ஜோதிட ஆசிரியர் தாலமி ஒரு காரணம் சொல்கிறார். பகலின் சூடு சனியின் குளிரைத் தணிக்கிறது. இரவின் ஈரம் செவ்வாயின் வறட்சியைத் தணிக்கிறது. பாவரை அவருக்கு நேர்மாறான சூழலில் விட்டால் அடங்கியிருப்பார் என்பது கணக்கு. இது ஒன்று மனதில் நின்றால் பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

இங்கே நம்மவர்களுக்கு ஒரு பொறி இருக்கிறது. ஷட்பலத்தில் பகலில் பலம் பெறுபவர்கள் சூரியன், குரு, சுக்கிரன். இரவில் பலம் பெறுபவர்கள் சந்திரன், செவ்வாய், சனி. மேற்கத்திய மரபில் சுக்கிரனும் சனியும் இடம் மாறி நிற்கிறார்கள். பழக்க தோஷத்தில் ஷட்பலக் கணக்கை இங்கே கொண்டுவந்தால் இந்த ஆறில் இரண்டு கிரகங்களுக்குப் பலன் தவறும். இரண்டு மரபும் அதனதன் தர்க்கத்தில் முழுமையானவை, ஆனால் கலக்கக் கூடாது.

5. யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம்

பகல் ஜாதகத்தில் அதிகம் உதவக்கூடியவர் குரு. சுக்கிரனும் நல்லவர்தான், ஆனால் கை சற்றுச் சுருங்கியிருக்கும். சனி பொறுப்பு, உழைப்பு, பொறுமை என்று பயன்படும் பக்கத்தைக் காட்டுவார். ஜாதகத்தின் தலைவலி செவ்வாய்தான்: அவசரம், சண்டை, வெட்டுக்காயம், முறிவு.

இரவு ஜாதகத்தில் அதிகம் உதவுபவர் சுக்கிரன், குரு இரண்டாவது. செவ்வாய் துணிவாகவும் வேகமாகவும் வேலைக்கு வருவார். தலைவலி சனிக்குப் போகும்: தடை, தாமதம், தனிமை, சுமை.

பகலில் சூரியனும் இரவில் சந்திரனும் தலைமை ஒளி. அந்த ஒளியின் நிலையைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அணி மட்டுமே எல்லாவற்றையும் முடிவு செய்யாது. இரவில் பிறந்தவருக்குச் சனி துலாமில் உச்சமாக இருந்தால் அவர் எதிரணிதான், ஆனாலும் வசதியோடு இருக்கும் எதிரணி. சுமை வரும், அதைச் சுமக்கும் தோளும் கூடவே வரும். அணியைப் பார்த்துவிட்டு அப்புறம் ஆட்சி, உச்சம், நீசம், பாவம், பார்வை என்று போங்கள். வரிசையை மாற்ற வேண்டாம்.

6. ஒரு கிரகம் முழுமையாகத் தன் இடத்தில் இருக்கிறதா

அரபு ஜோதிடர்கள் இதற்கு மேல் இரண்டு நிபந்தனைகள் வைத்தார்கள். பகல் அணிக் கிரகம் சூரியன் இருக்கும் பக்கத்திலேயே இருக்க வேண்டும்: பகலில் மேலே, இரவில் கீழே. இரவு அணிக் கிரகம் சூரியனுக்கு எதிர்ப் பக்கம் இருக்க வேண்டும்: இரவில் மேலே, பகலில் கீழே. அடுத்தது, பகல் அணிக்கு ஆண் ராசி, இரவு அணிக்குப் பெண் ராசி. பிறப்பும் அதே அணியின் நேரத்தில் அமைந்து இவையும் கூடினால் அதற்கு ஹைஸ் என்று பெயர். மூன்றும் எல்லா ஜாதகத்திலும் கூடாது, எனவே கிடைக்கவில்லையே என்று வருந்த வேண்டாம்.

ராசி கணக்குக்குள் வந்துவிட்டதால், இங்கே சாயனம் நிராயணம் என்ற வித்தியாசம் முக்கியமாகிறது. இந்த மரபின் விதியை எடுத்தால் சாயன ராசியையே எடுங்கள்.

7. ஒரு ஜாதகத்தில் முழுதாகப் பார்ப்போம்

இரண்டாம் எலிசபெத் ராணியின் பிறந்த நேரம் அப்போதே அதிகாரபூர்வமாக அறிவிக்கப்பட்டது: 21 ஏப்ரல் 1926, அதிகாலை 2.40, லண்டன். மூன்று நாள் முன்புதான் அங்கே கோடைக்கால நேரம் தொடங்கியிருந்தது. எனவே கிரீன்விச் நேரம் 1.40. இதைக் கவனிக்காமல் 2.40 என்றே கொடுத்தால் லக்னமே நகர்ந்துவிடும்.

சாயனப்படி லக்னம் மகரம் 21°23′. சூரியன் ரிஷபம் 0°12′, சந்திரன் சிம்மம் 12°07′, சுக்கிரன் மீனம் 14 பாகை அருகே, செவ்வாயும் குருவும் கும்பத்தில் 21, 22 பாகைகளில், சனி விருச்சிகம் 24 பாகையில்.

சூரியன் லக்னத்திலிருந்து ஐந்தாம் ராசியில். கணக்கும் அதையே சொல்கிறது: 30°12′-இலிருந்து 291°23′-ஐக் கழித்து 360 கூட்டினால் 98°49′. எனவே இரவு ஜாதகம். புதன் மேஷத்தில், சூரியனுக்கு முன்னால் உதிப்பவர், அதனால் பகல் அணி.

தலைமை ஒளி சந்திரன். இரவில் அடிவானத்துக்கு மேலே இருப்பதால் பக்கம் சரி, ஆண் ராசியில் இருப்பதால் ராசி சரியில்லை. அதிகம் உதவக்கூடிய சுக்கிரன் மீனத்தில் உச்சம். அணி சரி, பெண் ராசி சரி, ஆனால் அடிவானத்துக்குக் கீழே. இதே ஜாதகத்தில் சுமார் 22.8 பாகை அயனாம்சம் கழித்தால் சுக்கிரன் கும்பத்துக்குப் போய் உச்சமும் போய்விடும், பெண் ராசியும் போய்விடும். மேலே சொன்ன எச்சரிக்கை இதற்காகத்தான்.

இப்போது சனி. இரவு ஜாதகத்தில் எதிரணிப் பாவர். பகல் அணிக் கிரகம் இரவில் கீழே இருக்க வேண்டும், இவரோ மேலே, உச்சி முனையை ஒட்டி நிற்கிறார். ஆண் ராசியில் இருக்க வேண்டும், இருப்பது பெண் ராசியான விருச்சிகத்தில். மூன்று சோதனையிலும் தோற்றவர். போதாக்குறைக்கு மகர லக்னத்துக்கு அதிபதியும் அவரே. தன் தொழில் நிலையும் பொது வாழ்க்கையும் தான் தேர்ந்தெடுக்காத சுமையாக வந்து உட்காரும் என்று மரபு ஜோதிடர் இதை வாசிப்பார். விருச்சிகாதிபதி செவ்வாய் சனியின் கும்பத்திலும், சனி செவ்வாயின் விருச்சிகத்திலும் இருப்பதால் பரிவர்த்தனை. செவ்வாய் இங்கே சொந்த அணிக்காரர், குருவோடு சேர்ந்தும் இருக்கிறார். தூக்கிச் சுமக்கும் தெம்பு அங்கிருந்து வருகிறது என்று எடுப்பார்கள்.

அதே நாள் பிற்பகல் 2.40-க்கு லண்டனில் பிறந்த ஒரு குழந்தையை நினைத்துப் பாருங்கள். சந்திரனைத் தவிர மற்ற கிரகங்கள் ஏறக்குறைய அதே பாகைகளில்தான். ஆனால் அது பகல் ஜாதகம். தலைவலி செவ்வாய்க்குப் போய்விடும், உச்ச சுக்கிரன் இரண்டாம் இடத்துக்கு இறங்குவார்.

8. கணக்கு மாறும் இரண்டு இடங்கள்

லக்னம், சூரியன், சந்திரன் மூன்றையும் வைத்துக் கணிக்கும் ஃபார்ச்சூன் புள்ளிக்குப் பகலில் ஒரு சூத்திரம், இரவில் அதன் தலைகீழ்:

```
பகல்: லக்னம் + சந்திரன் − சூரியன்
இரவு: லக்னம் + சூரியன் − சந்திரன்
```

ராணியின் ஜாதகத்தில் இரவுச் சூத்திரம் துலாம் 9°28′ தருகிறது, பகல் சூத்திரம் ரிஷபம் 3°18′. இரண்டுக்கும் அதிபதி சுக்கிரன் என்பது தற்செயல். பாவம் மட்டும் பத்துக்கும் ஐந்துக்கும் மாறிவிடுகிறது. தாலமி இரண்டு நேரத்துக்கும் ஒரே சூத்திரத்தைப் பயன்படுத்தினார், சில மென்பொருள்களும் அப்படியே செய்கின்றன. எனவே திரையில் வருவதை நம்பாமல் ஒரு முறை கையால் கூட்டிப் பாருங்கள், ஐந்து நிமிட வேலை.

இன்னொன்று ஃபிர்தாரியா. நம் திசை மாதிரியான காலப் பிரிவு. பகல் ஜாதகத்துக்குச் சூரியனிலிருந்து தொடங்கும்: சூரியன் 10 வருடம், சுக்கிரன் 8, புதன் 13. இரவு ஜாதகத்துக்குச் சந்திரனிலிருந்து: சந்திரன் 9, சனி 11, குரு 12, செவ்வாய் 7.

ராணிக்கு இரவு வரிசைப்படி 1935 ஏப்ரல் முதல் 1946 ஏப்ரல் வரை சனி நடந்தது. 1936 டிசம்பரில் பெரியப்பா முடி துறக்க, அப்பா அரசரானார், பத்து வயதுப் பெண் அடுத்த வாரிசானாள். அதன் பிறகு உலகப் போர். அடுத்து வந்த குரு காலத்தில் 1947-இல் திருமணம், 1952-இல் அரியணை. பகல் வரிசையை எடுத்திருந்தால் 10 முதல் 18 வயது வரை சுக்கிரன் என்று வந்திருக்கும்.

மூன்றாவது படியில் விளிம்பில் நின்றவர்கள் செய்ய வேண்டியது இதுதான். இரண்டு வரிசைகளையும் அடுத்தடுத்து எழுதுங்கள். பள்ளி மாறியது, வீட்டில் இழப்பு, வேலை, திருமணம் என்று தேதி உறுதியாகத் தெரிந்த நிகழ்வுகளை மட்டும் பக்கத்தில் குறியுங்கள். பெரிய நிகழ்வுகளில் ஒன்று பொருந்தியதை வைத்து முடிவெடுக்காதீர்கள், பிரபலங்களின் ஜாதகத்தில்கூட முடிவு தெரிந்த பிறகு பொருத்துவது சுலபம். நான்கைந்து நிகழ்வுகள் ஒரே வரிசைப் பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சாயவில்லை என்றால் 'அணி தெரியவில்லை' என்று ஜாதகத்தின் மேலேயே எழுதி வைத்துவிட்டு, சனி, செவ்வாய் இருவரைப் பற்றியும் அடக்கியே பேசுங்கள்.